ஐம்பது பைசா ஷாம்பும் அண்ணியின் பத்து ரூபாய் பாக்கெட்டும்

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, பெரியப்பா பையனின் மனைவி, எங்கள் அண்ணி, சுய உதவிக் குழுக்களுக்காக நடந்த ஒரு தொழில் பயிற்சி வகுப்புக்குப் போனார். கூட போய் உட்கார்ந்திருந்தது நான். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே கேழ்வரகு ரிப்பன் பக்கோடா போட்டு விற்கிறார் அண்ணி. சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் அதில் இறங்கியிருக்கிறது. அதனால் எனக்கு வேடிக்கை பார்க்கிற மனசு இல்லை, கொஞ்சம் பயம்தான்.

பேச வந்தவர் நன்றாகவே பேசினார். இந்த மாதிரி வகுப்புகளில் தவறாமல் வருகிற கதை அன்றைக்கும் வந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன், அவர் மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதல், சிக் ஷாம்பு, ஐம்பது பைசா பாக்கெட், கடைசியில் கெவின்கேர் என்கிற பெரிய கம்பெனி. முடிவில் அவர் சொன்ன பாடம் இது: "புதுப் பொருளா? சின்ன பாக்கெட் போடுங்க. விலையைக் குறைங்க. உள்ள நிறைய போடுங்க. ருசி பாத்துட்டா பெரிய பாக்கெட் தானா ஓடும்." மொத்த ஹாலும் எழுதிக்கொண்டது. அண்ணியும் எழுதிக்கொண்டார்.

கதை உண்மைதான். அதிலிருந்து எடுத்த பாடம்தான் தப்பு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதையையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சிக் ஷாம்பு மார்க்கெட்டுக்கு வந்தபோது சாஷே ஏற்கெனவே இருந்தது. ரங்கநாதனின் சொந்தக் குடும்பத்து வெல்வெட் ஷாம்புவே சாஷேயில்தான் விற்றுக்கொண்டிருந்தது. ஆக 'சின்ன பாக்கெட்' என்பது சிக்கின் தனித்தன்மை இல்லை. ஐம்பது பைசா விலையும் பின்னாடி, 90-களின் கடைசியில் வந்தது. ஆரம்ப வருஷங்களில் சிக்கைத் தூக்கி நிறுத்தினது வேறொரு விஷயம், பேச வந்தவர் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். காலி சாஷே திட்டம்.

எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச காலம் கழித்து விதியை மாற்றினார்கள்: சிக் சாஷே ஐந்து கொண்டுவந்தால் மட்டும் ஒன்று இலவசம். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனது என்று ரங்கநாதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு கட்டத்தையும் ஒரு ப்ரோகிராமர் கண்ணோடு பார்த்தால் அழகாக இருக்கிறது. முதல் கட்டத்தில் மாதிரி பாக்கெட்டின் விலை என்ன? காசில் பார்த்தால் பூஜ்யம். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. 'நான் ஷாம்பு போடுகிறவன், அதையும் சாஷேயில் வாங்குகிறவன், அஞ்சு தடவை வாங்கியாச்சு' என்பதற்கு ஒரு அத்தாட்சியை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். தெருவில் நின்று போகிற வருகிறவருக்கெல்லாம் இலவச சாம்பிள் கொடுத்தால் அதில் பாதி தலைக்குச் சீயக்காய் மட்டுமே போடுகிறவருக்குப் போயிருக்கும். காலி உறை கேட்டதால் சாம்பிள் நேராகப் போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் கைக்கே போனது. இரண்டாம் கட்டத்தில் அதே காலி உறை வேறு வேலை செய்தது. இப்போது அது, 'பழகிவிட்டேன்' என்பதற்கு அத்தாட்சி. ஐந்துக்கு ஒன்று இலவசம் என்றால் ஐந்தின் காசுக்கு ஆறு, கிட்டத்தட்ட பதினேழு சதவீதத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி திரும்ப வாங்கினவருக்கு மட்டும். முதல் தடவை வாங்கினவருக்கு ஒரு பைசா குறைப்பு கிடையாது.

ஆக இந்தக் கதையில் விலைக் குறைப்பைவிட முக்கியம், குறைத்த விலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. அதைத்தான் வகுப்பில் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட்டார்கள், அது இதைவிடப் பெரியது. சிக்குக்கு சாஷே என்பது மாதிரி பாக்கெட்டே கிடையாது. அதுதான் சரக்கு. சாஷே வாங்கினவர் நாளைக்கு பாட்டில் வாங்குவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சாஷே வாங்கினவர் நாளைக்கும் சாஷே வாங்கினால் அவர்களுக்கு அதுவே வெற்றி. இந்தியாவில் ஷாம்புவில் நடந்ததும் அதுதான். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் பாக்கெட்டில் போட்டி வலுத்து, உள்ளே மில்லியைக் கூட்டிக் கூட்டி, மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிட சாஷே மலிவு என்கிற நிலைமை பல பிராண்டில் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த தடவை கடையில் சரத்தையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பாருங்கள். காசு இருக்கிறவர்கள்கூட வீட்டில் சரம் சரமாக மாட்டி வைத்திருப்பது ஏழ்மையால் இல்லை, வகுத்தல் தெரிந்ததால்.

சாஷேயையே விற்கிறவருக்கு இது நல்ல சேதி. பெரிய பாக்கெட்டில் பிழைக்கிறவர் மாதிரி பாக்கெட் போடும்போது இதையே செய்தால், அவர் பெரிய பாக்கெட்டை அவரே கொன்றுவிடுகிறார். அண்ணி இரண்டாவது வகை. பேச்சாளர் முதல் வகைக்கான மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். அன்று ராத்திரி அண்ணி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போட்டது இது.

அண்ணியின் பெரிய பாக்கெட் 200 கிராம், 80 ரூபாய். மாவு, எண்ணெய், கேஸ், உதவிக்கு வரும் அம்மாவின் கூலி எல்லாம் சேர்த்து பக்கோடா கிலோ 200 ரூபாய் அடங்குகிறது, அதாவது கிராம் 20 பைசா. ஆக உள்ளே இருக்கிற பண்டம் 40 ரூபாய். பவுச்சும் ஸ்டிக்கரும் 3 ரூபாய், நிரப்பி சீல் வைக்கிற கூலி 1 ரூபாய். கடைக்காரர் கமிஷன் விலையில் இருபது சதவீதம், 16 ரூபாய். மிச்சம் 20 ரூபாய்.

இப்போது மாதிரி பாக்கெட். விலை என்ன வைக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது, அதை யோசிக்க உங்களுக்குப் பெரிய உரிமை எதுவும் இல்லை என்பதுதான். விலையை நாணயம் தீர்மானிக்கிறது. சிக் காலத்தில் ஐம்பது பைசா ஒரு நிஜமான காசு. 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. ஐம்பது பைசா சட்டப்படி இன்றும் செல்லும், ஆனால் கடையில் நீட்டினால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இன்றைக்கு இருக்கிற படிகள் 1, 2, 5, 10, 20. நடுவில் நிற்க இடமில்லை. 2025 செப்டம்பர் 22-ல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தபோது ஐந்து ரூபாய் பார்லே-ஜி 4.45 ஆனது ஞாபகம் இருக்கலாம். வரிக் கணக்கு அச்சுப் பிசகாமல் சரி. ஆனால் ஐம்பத்தைந்து பைசா மீதி கொடுக்க எந்த அண்ணாச்சியிடம் சில்லறை இருக்கிறது? கம்பெனிகள் பிறகு பழைய படிக்கே திரும்பி, வரிக் குறைப்பை கிராமில் கொடுக்க ஆரம்பித்தன. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

அதனால் சின்ன பாக்கெட்டுக்கு விலை வைப்பது என்றால் நடைமுறையில் கிராம் வைப்பது என்று அர்த்தம். அண்ணிக்கு 5 அல்லது 10. ஐந்து உடனே அடிபட்டது. காரணம் பவுச். பண்டத்தைக் குறைக்கலாம், பவுச்சைக் குறைக்க முடியாது. சின்ன பவுச்சும் ஸ்டிக்கரும் 1 ரூபாய், நிரப்பும் கூலி 60 பைசா, ஆக ஒன்றரை ரூபாய்க்கு மேல் பக்கோடா போடுவதற்கு முன்பே போய்விடுகிறது. ஐந்து ரூபாயில் அது மூன்றில் ஒரு பங்கு. பத்தில் ஆறில் ஒரு பங்கு. ஐந்து ரூபாய்க்கு நிற்க வேண்டுமானால் ஒன்பது, பத்து கிராம்தான் போட முடியும். அது வாயில் போட்டதும் தெரியாது. பத்து என்று முடிவானது. அப்புறம் கிராம். சூத்திரம் ரொம்ப எளிது:

```
மிச்சம் = 10 − 2 (கமிஷன்) − 1.60 (பவுச், கூலி) − கிராம் × 0.20
```

பேச்சாளர் சொன்னபடி 'நிறைய' போடலாம் என்று அண்ணி 35 கிராம் எடைபோட்டு வைத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பண்டமே 7 ரூபாய், மிச்சம் மைனஸ் அறுபது பைசா.

"அறுவது பைசாதானே தம்பி, விளம்பரச் செலவுன்னு வச்சுக்கறேன்" என்றார் அண்ணி.

இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். அறுபது பைசா நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை. நிஜ நஷ்டம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 35 கிராம் ஆறு பாக்கெட் வாங்கினால் 210 கிராம், 60 ரூபாய். பெரிய பாக்கெட் 200 கிராம், 80 ரூபாய். ருசி பிடித்துப்போன வாடிக்கையாளர் என்ன செய்வார்? ஆறு சின்னதை வாங்கிக்கொண்டு போவார். அண்ணிக்கு அந்த ஆறில் 3 ரூபாய் 60 பைசா கைநஷ்டம், பெரியது விற்றிருந்தால் வந்திருக்க வேண்டிய 20 ரூபாயும் போச்சு. பண்டம் பிடிக்கப் பிடிக்க நஷ்டம் கூடும். பிடிக்காமல் போனால் அறுபது பைசாவோடு தப்பித்தோம்! ஒரு மாதிரி பாக்கெட்டுக்கு இதைவிட மோசமான அமைப்பு இருக்க முடியாது.

சரி, பெரிய பாக்கெட் விகிதத்திலேயே போடலாம், 25 கிராம், நியாயமாக இருக்கும் என்றேன். மிச்சம் 1 ரூபாய் 40 பைசா. எட்டு சின்னது 200 கிராம், 80 ரூபாய், ஒரு பெரியதுக்குச் சமம். ஆனால் எட்டு சின்னதில் அண்ணிக்கு 11 ரூபாய் 20 பைசாதான் நிற்கும், எட்டு தடவை சீல் வைக்கும் வேலை வேறு. வாங்குகிறவருக்கோ பெரியதுக்கு மாற ஒரு காரணமும் இல்லை. சின்னதாக வாங்கினால் நமுத்துப்போகாது என்று ஒரு காரணம் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது.

கடைசியில் 20 கிராமில் வந்து நின்றோம். மிச்சம் 2 ரூபாய் 40 பைசா. இதில் எனக்குப் பிடித்தது, கணக்கு வாங்குகிறவருக்கும் மனசில் நிற்கும் என்பது: பத்து சின்னது நூறு ரூபாய், அதே எடை பெரியது எண்பது. குழந்தைக்கு என்று சின்னதையே வாங்கிக்கொண்டிருப்பவரால் அண்ணிக்கு நஷ்டமில்லை, பத்தில் 24 ரூபாய் நிற்கும். வீட்டுக்கு என்று வாங்குகிறவர் பெரியதுக்கு மாறினால் அவருக்கு இருபது ரூபாய் லாபம். ரெண்டு பக்கமும் யாரும் தண்டனை அனுபவிப்பதில்லை.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு, அண்ணியே அதைச் சொன்னார். பக்கத்தில் தொங்குகிற பெரிய கம்பெனி பத்து ரூபாய் பாக்கெட் காற்றடித்து உப்பிக்கொண்டு இருக்கும். நம்முடையது சப்பையாகத் தெரியும். தெரியாத பேர் வேறு. யார் எடுப்பார்கள்? உண்மைதான். 15 கிராமுக்கு இறங்கினால் கணக்கு இன்னும் நன்றாக வரும், ஆனால் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காத மாதிரி பாக்கெட்டுக்கு லாபக் கணக்கு எதற்கு? இருபது என்பது கணக்கில் வந்த எண் இல்லை. கணக்கு 25-க்குக் கீழே என்று சொன்னது. ஒரு ஆள் சாப்பிட்டுப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்குமே' என்று நினைக்கிற அளவு எவ்வளவு என்பதை அண்ணி பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்து முடிவுபண்ணினார்.

பவுச் பற்றி ஒரு சின்ன வழிவிலகல். நாற்பது பைசாவுக்கு சாதா பிளாஸ்டிக் கவர் கிடைக்கிறதே, அறுபது பைசா மிச்சம் பண்ணலாமே என்று எனக்கே தோன்றியது. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னதுதான் சரி. சின்ன பாக்கெட் கடை வாசலில் சரத்தில் வெயிலில் தொங்கும். சாதா கவர் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்காது. எண்ணெய்ப் பண்டம் பத்துப் பதினைந்து நாளில் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். பெரிய பாக்கெட் உள்ளே அலமாரியில் நிழலில் இருக்கும், அதற்கு ஆபத்து குறைவு. ஆனால் புது ஆள் முதலில் வாயில் வைப்பது வெயிலில் தொங்கினதைத்தான். உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிற பவுச்தான் வேண்டும், அதற்கு ஒரு ரூபாய் ஆகத்தான் செய்யும். மாதிரி பாக்கெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

இனி வகுப்பில் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். சின்ன பாக்கெட் ஏன் ஓடுகிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், தினக்கூலிக்காரர் கையில் அன்றன்றைக்குத்தான் காசு என்பது. இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினவர் கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத். 2004-ல் வந்த அவருடைய 'த ஃபார்ச்சூன் அட் த பாட்டம் ஆஃப் த பிரமிட்' புத்தகத்தில் ஒருவேளைக்கான சின்ன பாக்கெட் ஒரு முக்கியமான உதாரணம். அவர் வேலை பார்த்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த அனீல் கர்னானி இதை நேரடியாக மறுத்தார். பாக்கெட்டைச் சின்னதாக்குவதால் பொருள் மலிவாகிவிடாது, ஒரு தடவை உபயோகிக்க ஆகும் செலவு குறைந்தால்தான் மலிவு என்பது அவர் வாதம். நான் இதில் கர்னானி பக்கம், ஆனால் முழுசாக இல்லை. வாங்குகிறவரின் வசதி என்று பார்த்தால் அவர் சரி. புதுப் பொருளை முயன்று பார்க்கிறவருக்கு வசதியைவிட பயம் பெரிது. எண்பது ரூபாய் கொடுத்து நன்றாக இல்லாமல் போனால்? பத்து ரூபாய் போனால் போகட்டும். அந்த பயத்தைத்தான் சின்ன பாக்கெட் குறைக்கிறது. அதற்கு கிராம் விகிதம் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

தினக்கூலிக் கதை எங்கள் ஊரில் எவ்வளவு பொருந்தும் என்று பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகள். புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அது பத்து நாளோ இருபது நாளோ, புடவையின் வேலைப்பாட்டைப் பொறுத்தது. நடுவில் கையில் காசு இல்லை. ஆனால் அவர்கள் அதற்காகத் தினம் சின்ன பாக்கெட்டாக வாங்குவதில்லை. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருக்கிறது. நோட்டில் எழுதி பெரிய பாக்கெட்டாகவே வாங்கி, கூலி வந்ததும் அடைக்கிறார்கள். ஆக அந்தத் தெருவில் பத்து ரூபாய் பாக்கெட்டை காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் பிள்ளைகள். பெரிய பாக்கெட்டை வாங்க வேண்டியது அம்மாக்கள், நோட்டில். மாதிரி பாக்கெட் பிள்ளை கையிலிருந்து அம்மா கைக்குப் போய்ச் சேர வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அந்தத் தெரு அண்ணாச்சி சொன்னது.

அதனால்தான் சிக்கின் காலி உறையை நாங்கள் திருடினோம். பத்து ரூபாய் பாக்கெட்டின் காலி கவர் கொண்டுவந்தால் பெரிய பாக்கெட்டில் 5 ரூபாய் தள்ளுபடி. முதலில் பத்து ரூபாயே கழிக்கலாம், மாதிரி இலவசம் ஆன மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். பிறகு கணக்குப் போட்டால் ஓட்டை தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னது, ஒரு பெரியது சேர்த்து வாங்குகிற ஆள் 80 ரூபாய்க்கு 220 கிராம் எடுத்துக்கொண்டு போவார், அண்ணிக்கு 12 ரூபாய் 40 பைசாதான் நிற்கும். ஐந்து ரூபாய் என்றால் அவர் கொடுப்பது 85, அண்ணிக்கு நிற்பது 17 ரூபாய் 40 பைசா. வேண்டுமென்றே விளையாடுகிறவரிடமும் தாங்கும். இரண்டு மாதம் மட்டும் என்று தேதியும் கவரில் போட்டோம்.

கடைக்காரருக்கு இது தொந்தரவு. "கவரை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கவா நான் கடை போட்டிருக்கேன்?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. ஐந்து ரூபாயை அவர் கைக்காசிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு அண்ணியிடம் கேட்டு வாங்க வேண்டும். தீர்வு: பன்னிரண்டு கவருக்கு ஒரு பெரிய பாக்கெட் இலவசம். அவர் விட்டுக்கொடுத்தது 60 ரூபாய், கிடைப்பது அவர் 64 ரூபாய் கொடுத்து எடுக்கிற சரக்கு. அந்த நாலு ரூபாய் எண்ணுகிற கூலி. ஒத்துக்கொண்டார்.

மூன்று கடையில் வைத்தோம். இரண்டு மாதம். ஏகாம்பரநாதர் கோயில் சன்னதி தெருப் பக்கத்துக் கடையில் 210 மாதிரி பாக்கெட் விற்றது, அண்ணி பூரித்துப் போய்விட்டார். திரும்பி வந்த கவர் நாலு. பிள்ளையார்பாளையம் கடையில் விற்றது 64 மட்டும். வந்த கவர் 13. மூன்றாவது, பஸ் நிலையம் போகிற வழியில், 90 விற்று 5 கவர்.

கவர் இல்லாமல் விற்பனை எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? சன்னதி தெருவில் இன்னும் ரெண்டு கடை பிடித்திருப்போம். அங்கே வாங்கினவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள், பட்டு எடுக்க வந்தவர்கள். சாப்பிட்டுக்கொண்டே வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். அடுத்த பெரிய பாக்கெட்டை அவர்கள் வாங்க வேண்டிய கடை சேலத்திலோ நெல்லூரிலோ இருக்கிறது, அங்கே அண்ணியின் சரக்கு இல்லை. அவர்களுக்கு அது மாதிரி பாக்கெட் இல்லை, ஒரு பத்து ரூபாய் நொறுக்குத்தீனி, அவ்வளவுதான். 35 கிராம் போட்டிருந்தால் அந்த 210-லும் ஒவ்வொன்றுக்கும் அறுபது பைசா கொடுத்து அவர்களை வழியனுப்பியிருப்போம். 20 கிராமில் இருந்ததால் அங்கே 504 ரூபாய் நின்றது, அதனால் அந்தக் கடையை விடவில்லை. ஆனால் அந்தக் கடையை 'அறிமுகம்' கணக்கில் இப்போது சேர்ப்பதில்லை.

64-க்கு 13 என்பது சின்ன எண்தான், இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஒரே வீட்டுப் பிள்ளை ரெண்டு கவர் கொண்டுவந்திருக்கலாம். அதனால் அண்ணாச்சியிடம் கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னோம். பேர்களைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கவர் கொடுத்து வாங்கின வீடுகளில் ஏழு வீடு, கவர் இல்லாமல் முழு எண்பது ரூபாய்க்கு இரண்டாவது தடவை வாங்கியிருந்தது. தேதிகள் பதினைந்து, பதினெட்டு நாள் இடைவெளியில் இருந்தன. அண்ணிக்கு அது உடனே புரிந்தது, எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது: புடவை அறுக்கிற நாள்.

இப்போது அண்ணி அந்தத் தெருவுக்கு மட்டும் சரக்கு போடும் கிழமையை மாற்றியிருக்கிறார். மாதிரி பாக்கெட் இன்னும் 20 கிராம், 10 ரூபாய். கடலை மாவு விலை ஏறிக்கொண்டிருக்கிறது. 18-க்கு இறக்கலாமா என்று போன வாரம் கேட்டார். பெரிய பாக்கெட்டை 190 ஆக்காமல் சின்னதை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.